புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் யோசிக்க வைக்கும் கேள்விகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரும் நம் குடியிருப்பின் மாலை வகுப்பை நடத்துபவருமான உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சங்கச் செயலாளர் என்னிடம் ஒரு தலைப்பைக் கொடுத்தார். சுதந்திர தின வினாடி வினாவில் பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஃபோனை வைத்துக்கொண்டு பதில் சொன்னதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். "சார், தேடிப் பார்த்துச் சொல்ல முடியாத கேள்வி எப்படித் தயாரிப்பது? நம் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற எல்லாருக்கும் பயன்படும். கொஞ்சம் பேசுங்கள்" என்றார். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருடப் பொதுக்குழு ஞாபகம் இருக்கும். நாலாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று புகார். மொட்டைமாடித் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு பெரிய தொட்டி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் நிறைய இருந்தால் அழுத்தமும் நிறைய இருக்கும் என்பது அவர் வாதம். பலரும் கை தூக்கினோம். அதில் என் கையும் ஒன்று. முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவன் நான். "திரவ அழுத்தம் எவற்றைப் பொறுத்தது?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன், எத்தனை விடைத்தாளில் அதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்! கடைசியில் அந்த முடிவைத் தடுத்தவர் விலை சொல்ல வந்திருந்த பிளம்பர் தம்பிதான். "சார், தொட்டி எவ்வளவு அகலமா இருந்தா என்ன, தண்ணி நிக்கிற உயரம் அதேதானே? ஸ்டாண்டை உசத்துங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்தேன். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில், அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசும்போது அது எனக்குப் பயன்படவில்லை. அப்படியானால் நான் இத்தனை வருடம் மாணவர்களிடம் சோதித்தது என்ன? ஒரு வாக்கியம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதைத்தான். அந்த வாக்கியத்தை வைத்து ஒரு முடிவு எடுக்கத் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை.

ஆகவே முதலில் ஒரு சின்னச் சோதனையைச் சொல்கிறேன். நீங்கள் தயாரித்த கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய சூத்திரம், வரையறை, தேதி எல்லாவற்றையும் அந்தக் கேள்வியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவதாக நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு மாணவருக்கு வேலை எதுவும் மிச்சம் இல்லையென்றால் அது ஞாபகத்தை மட்டும் கேட்கும் கேள்வி. ஃபோன் உள்ளவர் பத்து நொடியில் எழுதிவிடுவார். எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் யோசிக்க வேண்டியது மிச்சம் இருந்தால், புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் பரவாயில்லை. காவல் காக்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது அந்தத் தொட்டியையே கேள்வியாக்கிய கதையைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'பாய்மங்கள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்காகத் தயாரித்த கேள்வி இது. நான்கு தடவை திருத்தினேன்.

முதல் வடிவம் நான் எப்போதும் கேட்டது: "திரவ அழுத்தம் எவற்றைப் பொறுத்தது?" உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் என்று பாடத்திலேயே வரிசையாக இருக்கிறது. இது நம் சோதனையில் உடனே தோற்றுவிடும்.

இரண்டாவது வடிவம்: "மேல்நிலைத் தொட்டிகளை ஏன் உயரத்தில் கட்டுகிறார்கள்?" இது யோசிக்க வைப்பது போலத் தோன்றும். நிறைய ஆசிரியர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். 'ஏன்' என்று தொடங்கினாலே சிந்தனைக் கேள்வி என்று ஒரு நம்பிக்கை. ஆனால் இதற்கான பதிலும் எங்கோ ஒரு நோட்ஸில் முழு வாக்கியமாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 'ஏன்' என்பதற்கும் மனப்பாடமாகப் பதில் சொல்லலாம்.

மூன்றாவது வடிவத்துக்கு என் தப்பே உதவியது. பாடத்தை மனப்பாடம் செய்திருந்தும் புரியாதவர் எங்கே வழுக்கி விழுவார்? "தண்ணீர் அதிகம் என்றால் அழுத்தம் அதிகம்" என்ற இடத்தில்தான். நான் விழுந்ததும் அங்கேதான். கேள்வி அந்தப் பள்ளத்தின் ஓரமாக மாணவரை நடத்திக்கொண்டு போக வேண்டும். எனவே இப்படி எழுதினேன்:

"ஒரு குடியிருப்பில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடிகள். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டம் நான்காம் மாடிக் குழாயைவிட 2 மீட்டர் உயரத்திலும், தரைத்தளக் குழாயைவிட 14 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. நான்காம் மாடியில் தண்ணீர் மெதுவாக வருகிறது. சங்கத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. அ) இரண்டு மடங்கு பெரிய தொட்டி வைப்பது. ஆ) இதே தொட்டியை 2 மீட்டர் உயர்த்தி வைப்பது. எது உதவும்? காரணம் சொல்லுங்கள். P = hρg; தண்ணீரின் அடர்த்தி 1000 கிகி/மீ³; g = 10 மீ/வி²."

சூத்திரத்தைக் கொடுத்துவிட்டேன் என்பதைக் கவனியுங்கள். ஒளித்து வைக்க எதுவும் இல்லை. கணக்குப் போட்டால், இப்போது நான்காம் மாடியில் தண்ணீரால் வரும் அழுத்தம் 20,000 பாஸ்கல், தரைத்தளத்தில் 1,40,000 பாஸ்கல். தொட்டியை உயர்த்தினால் மேலே 40,000, கீழே 1,60,000. அதே 2 மீட்டர்தான். மேல்மாடிக்கு அழுத்தம் இரண்டு மடங்காகிறது, தரைத்தளத்தில் இருப்பவருக்கோ வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சூத்திரத்தில் தொட்டியின் அகலத்துக்கோ கொள்ளளவுக்கோ இடமே இல்லை. அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் மாணவரின் வேலை.

இந்த வடிவத்தை மாலை வகுப்பில் கொடுத்தேன். ஒரு மாணவி 'அ' என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் எழுதிய காரணத்தைப் படித்தேன். "பெரிய தொட்டி என்றால் உயரமும் கூடுதலாக இருக்கும். அப்போது தண்ணீர் மட்டமும் மேலே போகும்." அவள் சொன்னது சரி! பெரிய தொட்டி எவ்வளவு உயரம் என்று நான் சொல்லவே இல்லை. தப்பு என்னுடைய கேள்வியில். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, "பெரிய தொட்டி அகலத்தில் மட்டும் பெரியது, அதிலும் தண்ணீர் மட்டம் அதே உயரத்தில்தான் இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்து இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. இந்தச் சூத்திரம் நின்றுகொண்டிருக்கும் தண்ணீருக்குத்தான் பொருந்தும். குழாயைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால் குழாயின் தடிமன், உள்ளே படிந்த உப்பு, வளைவுகள் எல்லாம் கணக்கில் வந்துவிடும். ஆகவே "குழாய்களில் அடைப்பு இல்லை, அவற்றை மாற்றப் போவதும் இல்லை, குழாய் மூடியிருக்கும்போது உள்ள அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்" என்று இன்னொரு வரி. இதுதான் நான்காவது வடிவம்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது, புதிய சூழ்நிலையை வைத்துக் கேள்வி கேட்டால் நாம் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும் மாணவர் தன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்வார் என்பது. அது அவர் தப்பில்லை. அதனால் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பாடம் தெரிந்த ஒருவரிடமும், தெரியாத ஒருவரிடமும் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். இருவரும் அவரவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். பாடம் தெரியாதவர் சுலபமாகச் சரியான விடைக்கு வந்துவிட்டால், கேள்வியின் சொற்களே விடையைக் காட்டிக்கொடுக்கின்றன என்று அர்த்தம். பாடம் தெரிந்தவர் வேறு விடைக்குப் போனால், கேள்வியில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அடுத்தது மதிப்பெண். கேள்வியைத் தயாரிக்கும்போதே இதை எழுதி வைத்துவிட வேண்டும், விடைத்தாள் கைக்கு வந்த பிறகு அல்ல. தொட்டிக் கேள்விக்கு 5 மதிப்பெண். வெறுமனே 'ஆ' என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. இரண்டில் ஒன்றைக் காசு சுண்டிப் பார்த்தே எழுதிவிடலாமே! அழுத்தம் தண்ணீர் மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது, தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்தது அல்ல என்று சொன்னால் 2. உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் நான்காம் மாடியின் அழுத்தத்தைக் கணக்கிட்டால் 2. தரைத்தளத்தில் ஏன் பெரிய வித்தியாசம் தெரியாது என்று சொன்னால் 1. காரணம் சரியாக இருந்து பெருக்கலில் தவறினால் அந்தப் பெருக்கலுக்கு மட்டும் குறையுங்கள். காரணத்துக்குத் தனியாக மதிப்பெண் ஒதுக்காவிட்டால், எவ்வளவு நல்ல கேள்வியும் திருத்தும்போது பழைய கேள்வியாகிவிடும். திருத்துகிறவர் கடைசி வரியை மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டு போவார்.

"இது கணக்கு, அறிவியலுக்குச் சரி. வரலாற்றில் தேதிதானே கேட்க முடியும்?" என்று நம் வகுப்பில் சமூக அறிவியல் எடுக்கும் அம்மா கேட்டார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். "புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த நாள் எது?" 3 மார்ச் 1948. வினாடி வினாவில் கேட்டோம், ஃபோன் பதில் சொன்னது. இப்போது அந்தத் தேதியை மாணவருக்கே கொடுத்துவிடுவோம்.

"கீழே மூன்று தகவல்கள் உள்ளன. 15 ஆகஸ்ட் 1947-ல் இந்தியா விடுதலை பெற்றது. 3 மார்ச் 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இணைக்கப்பட்டு, சென்னை மாகாணத்தின் திருச்சி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 14 ஜனவரி 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. உங்கள் வீட்டில் ஒரு நிலம் வாங்கப் பார்க்கிறார்கள். விற்பவர் இரண்டு பழைய பத்திரங்களைக் காட்டுகிறார். 1947 டிசம்பர் தேதியிட்ட பத்திரத்தில் 'சென்னை மாகாணம், திருச்சி மாவட்டம், புதுக்கோட்டை' என்று இருக்கிறது. 1960 தேதியிட்ட பத்திரத்தில் 'புதுக்கோட்டை மாவட்டம்' என்று இருக்கிறது. இவற்றைப் பற்றி வீட்டில் என்ன சொல்வீர்கள்?"

இரண்டு பத்திரத்திலும் தேதிக்கும் ஊர் விவரத்துக்கும் பொருந்தவில்லை. 1947 டிசம்பரில் நாடு விடுதலை பெற்றுவிட்டது, ஆனால் புதுக்கோட்டை இன்னும் திருச்சி மாவட்டத்தில் சேரவில்லை. 1960-ல் புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று கிடையாது. விடுதலை நாளும் இணைப்பு நாளும் வேறு வேறு என்பதை மாணவர் இங்கே பயன்படுத்தியாக வேண்டும். ஒரு மாணவன், "இவை பின்னால் யாராவது எடுத்து எழுதிய நகலாக இருக்கலாம். அதனால் போலி என்று உடனே சொல்ல முடியாது, மூலப் பத்திரத்தைக் கேட்க வேண்டும்" என்று எழுதினால்? அவனுக்குத்தான் முழு மதிப்பெண். "போலி" என்ற ஒரே சொல்லை விடைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தால் அவனைத் தோற்கடித்திருப்போம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இது எங்கெல்லாம் பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று இடங்கள்.

முதலாவது, ஒரு கேள்வி ஒரு தடவைதான் புதியது. சி.பி.எஸ்.இ. 2014-ல் ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் புத்தகம் திறந்து எழுதும் முறையில் ஒரு பகுதியைக் கொண்டுவந்தது. ஒரு கட்டுரையை, ஒரு நிகழ்வை மாணவருக்குக் கொடுத்து அதிலிருந்து யோசிக்க வைக்கும் கேள்வி. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பகுதியைச் சில மாதங்களுக்கு முன்பே பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை மாத அவகாசம் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியராக இருந்தவர்களுக்குத் தெரியும். என்ன கேள்வி வரலாம் என்று ஊகித்து, விடையையும் தயாரித்து, படிக்க வைத்துவிடலாம். 2017-ல் அந்த முறையையே கைவிட்டார்கள். என் தொட்டிக் கேள்வியும் இந்த உரையில் அச்சாகிவிட்டது. இனி அதை அப்படியே கேட்டால் அதுவும் மனப்பாடக் கேள்விதான். அதைக் கிணற்றில் மூழ்கும் பந்தாக மாற்ற வேண்டும், அல்லது மண்ணெண்ணெய் நிரப்பிய தொட்டியாக மாற்ற வேண்டும். மாற்றும்போது எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. மாணவர் எடுக்க வேண்டிய முடிவு மாற வேண்டும்.

இரண்டாவது, பழக்கமில்லாத சூழ்நிலை. 15 வயது மாணவர்களுக்கு உலக அளவில் நடக்கும் பீசா தேர்வில், அதன் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. ஒரு பத்தியையோ வரைபடத்தையோ கொடுத்து அதிலிருந்து காரணம் கேட்பதுதான் அந்தத் தேர்வின் பாணி. நம் இரண்டு மாநிலங்களும் கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளில் கடைசி மூன்று இடங்களுக்குள் நின்றன. கேள்விகளின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருந்தது என்று இந்தியத் தரப்பில் சொன்னார்கள். அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருடம் "திரவ அழுத்தம் எவற்றைப் பொறுத்தது?" என்று மட்டும் கேட்டவனுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது. பனிச்சறுக்கை வைத்து உராய்வைக் கேட்டால், பனியைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு கை கூடுதல். நம் மாலை வகுப்பிலேயே லிஃப்ட்டை வைத்து நான் ஒரு கேள்வி கேட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள். நம் காவலாளி அண்ணன் மகள் அதில் ஏறியதே இல்லை. கண்மாய், கிணற்று ராட்டினம், பஸ் டிக்கெட், ரேஷன் கார்டு என்று எல்லாரும் பார்த்ததை வைத்துக் கேளுங்கள். வாக்கியத்தையும் சின்னதாக வையுங்கள். பத்து வரிப் பத்தி கொடுத்தால் அறிவியல் தெரிந்தவனை விட்டுவிட்டு வேகமாகப் படிப்பவனைத்தான் கண்டுபிடிப்போம்.

மூன்றாவது, எல்லாக் கேள்வியையும் இப்படிக் கேட்கக் கூடாது. தொட்டிக் கேள்விக்கு நம் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு மணி நேரத் தேர்வு முழுக்க இதையே வைத்தால் நாலைந்து கேள்வியோடு முடிந்துவிடும், பாடத்தில் பாதியைத் தொடவே முடியாது. தவிர, அடர்த்தி என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை சூத்திரத்தைக் கொடுத்தாலும் திகைத்துத்தான் நிற்கும். தெரிந்திருக்க வேண்டியது தெரிந்திருக்கத்தான் வேண்டும். மாலை வகுப்பில் நான் இப்போது 25 மதிப்பெண்ணுக்கு வைக்கும் தேர்வில் 15 மதிப்பெண்ணுக்குப் பழைய மாதிரிச் சின்னக் கேள்விகள், 10 மதிப்பெண்ணுக்கு இந்த மாதிரி இரண்டு கேள்விகள். முதல் பகுதியைப் புத்தகம் இல்லாமல் எழுத வேண்டும். அந்தத் தாளை வாங்கிக்கொண்ட பிறகு, இரண்டாம் பகுதிக்குப் புத்தகத்தைத் திறந்துகொள்ளலாம்.

இந்த இரண்டு பகுதி மதிப்பெண்ணையும் நான் தனித்தனியாக எழுதி வைக்கிறேன். பெற்றோர்கள் தயவுசெய்து இரண்டையும் பாருங்கள். முதல் பகுதியில் 15-க்கு 14, இரண்டாம் பகுதியில் 10-க்கு 2 என்றால், உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, ஆனால் படித்ததை எடுத்துப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கைடு வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. முதல் பகுதியில் 6, இரண்டாம் பகுதியில் 8 என்றால் அது வேறு கதை. நம் காவலாளி அண்ணன் மகள் இந்த மாதம் வாங்கியது அப்படித்தான். பள்ளியில் அவளை மெதுவாகப் படிக்கும் பிள்ளை என்று வைத்திருக்கிறார்கள். பெரிய தொட்டியின் உயரத்தைக் கேட்டு என் கேள்வியைத் திருத்தியவள் அவள்தான். பழைய மாதிரித் தேர்வு மட்டும் வைத்திருந்தால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. அவளுக்கு இப்போது வேண்டியது வரையறைகளைப் படித்துக்கொள்ள உட்கார ஓர் இடமும் கொஞ்ச நேரமும். சங்க அலுவலக அறையை மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்து வைக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வுக்கு எனக்குப் புதுக் கேள்விகள் வேண்டும். நம் குடியிருப்பில் மின்வாரியத்தில் இருந்தவர், வங்கியில் இருந்தவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், கட்டட வேலை எடுத்துச் செய்பவர் எல்லாரும் இருக்கிறீர்கள். படித்திருந்தும் நீங்கள் தப்பாக முடிவெடுத்த ஒரு நாளை எனக்கு எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு உங்களிடம் என்ன விவரங்கள் இருந்தன, என்ன முடிவெடுத்தீர்கள், எங்கே பிசகியது என்று நாலு வரி போதும். பெயர் போட வேண்டாம். அதைக் கேள்வியாக்குவது என் வேலை.